HPA-1a எதிர்ப்பு: தாயின் பிளேட்லெட்டைக் கழுவிக் கொடுப்பதில் உதவி தேவை

ரத்த வங்கியில் வேலை பார்ப்பவர்கள் சொல்லுங்கள். நிறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை, எடை 2.9 கிலோ, வயது 2 நாள். பிறந்த சில மணி நேரத்தில் நெஞ்சிலும் தொடையிலும் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள். பிளேட்லெட் 11,000. தாய்க்கு 2,40,000 இருப்பதால் அவருடைய சொந்த பிளேட்லெட்டைத் தாக்கும் நோய் இல்லை. தொற்றும் இல்லை, தலை ஸ்கேனில் கசிவும் இல்லை.

தந்தையிடம் HPA-1a இருக்கிறது, தாயிடம் இல்லை. குழந்தை தந்தையிடமிருந்து பெற்ற அந்த ஆன்டிஜெனுக்கு எதிராகத் தாயின் உடல் ஐஜிஜி ஆன்டிபாடி உருவாக்கியிருக்கிறது. அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய் பிளேட்லெட்டை அழிக்கிறது. தாயின் ரத்தத்தில் அந்த ஆன்டிபாடி உறுதியாகிவிட்டது.

சாதாரண கொடையாளரின் பிளேட்லெட் கிலோவுக்கு 10 மிலி கொடுத்தோம். 38,000 வரை ஏறி, 12 மணி நேரத்தில் 15,000. அந்தப் பிளேட்லெட்டிலும் HPA-1a இருந்திருக்கும், அதனால் அதுவும் அழிந்துவிட்டது. இம்யூனோகுளோபுலின் கிலோவுக்கு 1 கிராம் போட்டாயிற்று, ஆனால் அது வேலை செய்ய ஓரிரு நாள் பிடிக்கும். HPA-1a இல்லாத கொடையாளர் எங்கும் கிடைக்கவில்லை.

மிச்சமிருப்பது தாயின் பிளேட்லெட்தான். அதில் ஆன்டிஜென் இல்லை, ஆனால் அவருடைய பிளாஸ்மாவில் ஆன்டிபாடி இருப்பதால் கழுவி, கதிர்வீச்சும் கொடுத்தாக வேண்டும். எங்கள் பயமெல்லாம் கழுவும்போது பிளேட்லெட் கட்டிதட்டுவதுதான்.

கழுவிய பிறகு எதில் கலக்குகிறீர்கள்: சலைனிலா, பிளேட்லெட் சேமிப்புக் கரைசலிலா?