2022 வீழ்ச்சிக்குப் பசளைத் தடை மட்டும் காரணமா?

ஒட்டுசுட்டான் மாணவன்: உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறேன். 2022 இல் இலங்கை வங்குரோத்தானதற்குப் பசளைத் தடைதான் காரணம் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். பரீட்சையில் அப்படி எழுதலாமா?

முத்தையன்கட்டுக் கமக்காரன்: தயங்காமல் எழுதுங்கள், தம்பி. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியையும் அதனோடு களைநாசினி, பூச்சிநாசினி ஆகியவற்றின் இறக்குமதியையும் நிறுத்தினார்கள். அந்தக் காலபோகத்துக்கு அடிக்கட்டுப் பசளையும் கிடைக்கவில்லை, மேற்கட்டுக்கு யூரியாவும் கிடைக்கவில்லை. ஐம்பது கிலோ யூரியாவில் இருபத்துமூன்று கிலோ நைதரசன் இருக்கிறது. அதே அளவு நைதரசனை நல்ல கூட்டெருவிலிருந்து பெற வேண்டுமானால் ஒரு தொன்னுக்கு மேல் வயலில் கொட்ட வேண்டும். கொட்டினாலும் குடலைப் பருவத்துக்கு முன் பயிருக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். நாடு முழுவதும் 2021 இல் 51 இலட்சம் தொன்னாக இருந்த நெல் விளைச்சல் 2022 இல் 34 இலட்சம் தொன்னாக விழுந்தது. தன் நிலத்தில் விளைந்திருக்கக்கூடிய அரிசியை டொலர் கொடுத்து வாங்கிய நாடு வங்குரோத்தாகாமல் வேறு என்ன ஆகும்?

வவுனியா ரீச்சர்: ஐயா, விளைச்சல் ஏன் விழுந்தது என்ற கேள்விக்கு நீங்கள் சொன்னது ஏறக்குறைய முழுமையான விடை. ஆனால் தம்பி கேட்டது வேறு நிகழ்வைப் பற்றி. 2022 ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அரசு அறிவித்தது ஏன் என்பதே அந்தக் கேள்வி.

காலவரிசையை மட்டும் பாருங்கள். 2019 முடிவில் நாட்டின் கையிருப்பு 760 கோடி டொலர். 2020 முடிவில் அது 570 கோடியாகக் குறைந்துவிட்டது. அதாவது தடை வருவதற்கு முன்னரே கையிருப்பில் நான்கில் ஒரு பங்கு போய்விட்டது. 2018 இல் 440 கோடி டொலர் அளவுக்கு ஈட்டிய சுற்றுலாத்துறை, 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்கும் பெருந்தொற்றுக்கும் பின்னர் 2020 இல் 100 கோடியைக்கூட எட்டவில்லை. தடையைக் கொண்டுவந்தவர்களின் எண்ணத்தில் பசளைக்குப் போகும் டொலரை மிச்சப்படுத்தும் நோக்கமும் இருந்தது. எனவே தடை டொலர்த் தட்டுப்பாட்டிலிருந்து பிறந்து, பின்னர் அதே தட்டுப்பாட்டை மேலும் மோசமாக்கிய ஒன்று. அதை விளைவு என்று மட்டும் எழுதினாலும் தவறு, காரணம் என்று மட்டும் எழுதினாலும் தவறு.

மாங்குளம் கடைக்காரர்: என் தம்பி கட்டாரில் வேலை செய்கிறார். 2021 கடைசியில் வங்கி ஒரு டொலருக்கு இருநூறு ரூபாய் சொச்சம் கொடுத்தபோது உண்டியல்காரர் அதைவிடக் கணிசமாகக் கூட்டிக் கொடுத்தார். அவர் உண்டியலில்தான் அனுப்பினார், நாங்களும் வாங்கினோம். அப்படியானால் உண்டியல்தான் காரணம் என்று சொல்ல வேண்டுமா? கடைக்குப் பால்மா வராமல் போனதற்கு நாங்களே காரணம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னார். அது எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

வவுனியா ரீச்சர்: அண்ணா, அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. உண்டியல் நெடுங்காலமாக இருக்கிறது. அது இருந்தபோதுதான் 2020 இல் வங்கி வழியாக 710 கோடி டொலர் வந்தது. 2021 இல் அது 550 கோடியாகவும் 2022 இல் 380 கோடியாகவும் குறைந்தது. மத்திய வங்கி ரூபாயின் பெறுமதியை 2022 மார்ச் தொடக்கம் வரை இருநூற்றுச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்தது. டொலரின் உண்மையான அருமை கூடக் கூட, வங்கி விலைக்கும் வெளிவிலைக்கும் இடையிலான இடைவெளி அகன்றது. இடைவெளி இல்லாவிட்டால் பணம் உண்டியலுக்கு இந்த அளவில் திரும்பியிராது. மாற்றுவழி இல்லாதிருந்தால், பிடித்து வைத்த விலை வங்கிக்கு வரும் வரவை இவ்வளவு வெட்டியிராது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் சேதம் நடந்தது. அந்தச் சேதத்தில் இவ்வளவு இதற்கு, அவ்வளவு அதற்கு என்று பிரித்துக் கொடுக்கவும் முடியாது.

ரூபாயை ஏன் பிடித்து வைத்தார்கள் என்று கேட்டால் விடை இன்னும் பின்னால் போகும். 2019 டிசம்பரில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். அரச வருமானம் சரிந்தது, 2020 இல் கடன் தரமதிப்பீடுகள் இறங்கின, சர்வதேசப் பிணைமுறிச் சந்தையில் புதிய கடன் எடுக்கும் வழி அடைபட்டது. பழைய கடனைப் புதிய கடனால் அடைத்துப் பழகிய நாடு, கையிருப்பிலிருந்தே அடைக்க வேண்டிய நிலைக்கு வந்தது. 2022 ஜனவரியிலும் 50 கோடி டொலர் பிணைமுறி ஒன்றை அப்படித்தான் அடைத்தார்கள்.

நெடுங்கேணி வாசகன்: ரீச்சர் மிக அழகாக எல்லோரையும் விடுவித்துவிட்டார். பெருந்தொற்று, தரமதிப்பீடு, உண்டியல் என்று பத்துக் காரணம் சொன்னால் முடிவெடுத்தவர்கள் தப்பிவிடுவார்கள். யாரைக் காப்பாற்ற இந்த விளக்கம்?

வவுனியா ரீச்சர்: ஒருவரையும் காப்பாற்ற அல்ல. நான் சொன்னவற்றில் வரிக்குறைப்பு, ரூபாயைப் பிடித்து வைத்தது, பிணைமுறியை அடைத்தது, பசளைத் தடை ஆகிய நான்கும் மனிதர்கள் எடுத்த முடிவுகள். 2023 நவம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, மகிந்த ராஜபக்ச, பசில் ராஜபக்ச, முன்னாள் மத்திய வங்கி ஆளுநர்கள் ஆகியோர் உட்படப் பலர் பொருளாதாரத்தைக் கையாண்ட விதத்தால் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. உண்மையில் ஒற்றைக் காரணம்தான் தப்ப இடம் கொடுக்கிறது. எல்லாவற்றையும் பசளைத் தடையின் மேல் போட்டால் வரிக்குறைப்பைப் பற்றி எவரும் கேட்கமாட்டார்கள். எல்லாவற்றையும் பெருந்தொற்றின் மேல் போட்டால் எந்த முடிவைப் பற்றியும் கேட்கமாட்டார்கள். சுற்றுலாவில் எங்களைவிட அதிகம் தங்கியிருக்கும் மாலைதீவு அதே பெருந்தொற்றைக் கடந்தது, கடன் தவறவில்லை.

முத்தையன்கட்டுக் கமக்காரன்: காரணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், ரீச்சர். எது பெரிது, எது சிறிது என்று சொல்லாவிட்டால் அந்தப் பட்டியலால் எங்களுக்கு என்ன பயன்?

வவுனியா ரீச்சர்: நியாயமான கேள்வி. அடுக்குவது மட்டும் போதாது. ஒவ்வொரு காரணமும் எதன் வழியாக வேலை செய்தது என்று காட்ட வேண்டும், அதை நீக்கியபோது என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். உங்கள் காரணத்துக்கு அப்படி ஒரு சோதனை தானாகவே நடந்தது. 2021 நவம்பர் இறுதியில் தனியார் இறக்குமதிக்கு அனுமதி திரும்பக் கிடைத்தது. தடை ஒன்றே காரணமென்றால் 2022 சிறுபோகம் நிமிர்ந்திருக்க வேண்டும். ஆனால் அப்போது யூரியா வாங்க டொலர் இல்லை. உலக விலை ஏறியிருந்தது, உக்ரைன் போர் அதை மேலும் ஏற்றியது. உழவு இயந்திரத்துக்கு டீசலும் இல்லை. இந்தியக் கடனுதவியில் 44,000 தொன் யூரியா வந்து சேர்ந்தபோது ஜூலை ஆகிவிட்டது.

முத்தையன்கட்டுக் கமக்காரன்: சிறுபோகத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். டீசல் வரிசையில் நானும் நின்றவன். ஆனால் அரிசி விலையில் விட்டுக்கொடுக்கமாட்டேன். பால்மா டொலரில் வருகிறது, அரிசி இந்த மண்ணில் விளைகிறது. அதன் விலை ஏறியதற்கு ரூபாயின் வீழ்ச்சியைவிட எங்கள் காலபோகம் கருகியதே பெரிய காரணம்.

வவுனியா ரீச்சர்: பெரிய காரணம் என்பதை ஏற்கிறேன். எவ்வளவு பெரியது என்பதில்தான் எனக்கு உறுதியில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதில் விளைச்சல் குறைவும் ரூபாய் வீழ்ச்சியும் ஏற்றுகூலியும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே வந்தன. காலபோக நெல் சந்தைக்கு வந்த மாதங்களிலேயே ரூபாயும் விழுந்தது. தம்பி, பரீட்சையில் கடன் தவறியதையும் விளைச்சல் விழுந்ததையும் தனித்தனிக் கேள்விகளாகப் பிரித்துக்கொண்டு எழுதத் தொடங்குங்கள்.

மாங்குளம் கடைக்காரர்: ஏற்றுகூலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் மில்லில் வாங்கிய விலையும் கடையில் விற்ற விலையும் என் கணக்குக் கொப்பியில் இருக்கின்றன. வேண்டுமானால் பார்த்து எழுதுகிறேன்.

முத்தையன்கட்டுக் கமக்காரன்: எழுதுங்கள். காலபோகத்துக்கு முந்திய மாதங்களையும் சேர்த்து எழுதுங்கள்.