"5-க்குள்" என்றால் 5 உண்டா, இல்லையா?

கும்பகோணம் மாணவி
எங்கள் புவியியல் பேராசிரியர் வகுப்புக் குழுவில் போடச் சொல்லித் தந்த குறிப்பு: "களப்பணி. காவிரிக் கிளையாறு ஒன்று. வரைபடம், 4 பக்க அறிக்கை. தலைப்பு டிச. 5-க்குள். அறிக்கை டிச. 12 மாலை 4, துறை அறை. தாமதம்: மதிப்பெண் இல்லை." முதலாண்டுப் பிள்ளைகள் பார்த்துவிட்டுப் பயப்படுகிறார்கள். கெடு மாறாமல் இதைக் கனிவாக எழுதுவது எப்படி?

வலங்கைமான் அப்பா
எழுதவே வேண்டாம் அம்மா. ஆறு துண்டு வாக்கியம், எல்லாம் கண்ணில் படுகிறது. "அன்பு மாணவர்களே" என்று ஆரம்பித்து நீட்டினால் தேதி நடுவில் புதைந்துபோகும். பிள்ளைகள் முதல் இரண்டு வரிதான் படிப்பார்கள்.

மயிலாடுதுறை வாசகர்
அரசலாறு எடுங்கள். கும்பகோணத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, காரைக்கால் வரை போய்ப் பார்க்கலாம்.

மன்னார்குடி டீச்சர்
அவர் கேட்டது எந்த ஆறு என்று இல்லை ஐயா.

வலங்கைமான் அண்ணன் சொல்வது பாதி சரி. தேதி புதையும். அதனால் அதைத் தனி வரியில் வைக்க வேண்டும். ஆனால் இந்தக் குறிப்பில் பயத்துக்குக் காரணம் நீளம் இல்லை, இடைவெளிகள்தான். "5-க்குள்" என்றால் சிலர் 4-ஆம் தேதியே கடைசி என்பார்கள், சிலர் 5-ஆம் தேதி இரவு வரை என்பார்கள். 4 பக்கத்தில் வரைபடம் சேருமா? தலைப்பைத் தாமதமாகச் சொன்னாலும் மதிப்பெண் போகுமா? இதையெல்லாம் நீங்களாக நிரப்பிவிடாதீர்கள் அம்மா. பேராசிரியரிடம் கேளுங்கள். அப்புறம் டிசம்பர் 5, 12 இரண்டுமே வெள்ளிக்கிழமை. "வெள்ளிக்குள்" என்று மட்டும் எழுதினால் குழப்பம்தான். கிழமையோடு தேதியும் வரட்டும்.

திருவாரூர் டியூஷன்
என் வழி எளிது. 4 மணி என்றால் பிள்ளைகளிடம் 3 மணி என்று சொல்லிவிடுவேன். யாரும் தாமதமாக வந்ததில்லை.

மன்னார்குடி டீச்சர்
அது உங்கள் சொந்த வகுப்பில் சரி. இது அவர் வைத்த கெடு. பேருந்து தவறி 3:20-க்கு வருகிற பிள்ளை, கெடு போய்விட்டது என்று நினைத்துத் திரும்பிவிட்டால்? அடுத்த முறை 3 மணி என்பது பொய் என்று தெரிந்ததும் 4 மணியையும் நம்ப மாட்டார்கள்.

நாகை அக்கா
என் தம்பிக்கு இப்படித்தான் ஆனது. ஆசிரியர் சொன்னது "10-ஆம் தேதி கடைசி". வகுப்புத் தலைவன் மரியாதையாக இருக்கட்டும் என்று "முடிந்தவரை 10-க்குள் தந்தால் நல்லது" என்று குழுவில் போட்டுவிட்டான். தம்பி 11-ஆம் தேதி போனான், வாங்கவில்லை. அகமதிப்பீட்டில் 5 மதிப்பெண் போயிற்று. அவன் ஆசிரியரை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை, தலைவனைத் திட்டவும் மனசு வரவில்லை.

மன்னார்குடி டீச்சர்
அந்த "முடிந்தவரை"தான் ஆபத்து. கெடு வரியில் "முயலுங்கள்", "நல்லது" எதுவும் வரக்கூடாது. அதேபோல "மதிப்பெண் இல்லை" என்பதை "மதிப்பெண் பாதிக்கப்படலாம்" என்று மாற்றினால் விதியே மாறிவிடுகிறது. கனிவை வேலையை விளக்கும் வரிகளில் காட்டுங்கள்.

கும்பகோணம் மாணவி
கேட்டுவிட்டேன் டீச்சர். 5-ஆம் தேதியும் சேர்த்தி, மாலை 5 மணி வரை. வரைபடம் 4 பக்கத்துக்கு வெளியே, தனித் தாள். தலைப்புக்கு மதிப்பெண் வெட்டு இல்லை. இப்படி எழுதியிருக்கிறேன்:

> வணக்கம். நமக்கு ஒரு களப்பணி வந்திருக்கிறது. காவிரியின் கிளையாறுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நேரில் பார்த்து, ஒரு வரைபடமும் 4 பக்க அறிக்கையும் தர வேண்டும். வரைபடம் தனித் தாளில். 4 பக்கத்தில் சேராது.
>
> தலைப்பு சொல்ல: டிசம்பர் 5, வெள்ளி, மாலை 5 மணிக்குள்.
>
> அறிக்கை தர: டிசம்பர் 12, வெள்ளி, மாலை 4 மணிக்குள், துறை அறையில்.
>
> 4 மணிக்குப் பிறகு தரும் அறிக்கைக்கு மதிப்பெண் இல்லை. எந்த ஆற்றை எடுப்பது என்று தயக்கம் இருந்தால் என்னிடம் கேளுங்கள், சேர்ந்து யோசிப்போம்.

வலங்கைமான் அப்பா
சரி, இது நன்றாக இருக்கிறது. தேதி புதையவில்லை. ஆனால் டிசம்பரில் மழை விடுமுறை விட்டால்?

கும்பகோணம் மாணவி
அதையும் கேட்டேன். "அப்போது பார்க்கலாம்" என்றார். எங்கள் வகுப்பில் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மூன்று மாவட்டப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒரு மாவட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் விடுமுறை விட்டால் என்ன செய்வது?

மன்னார்குடி டீச்சர்
"மழை விடுமுறை பற்றிப் பேராசிரியர் இன்னும் முடிவு சொல்லவில்லை, சொல்லும்வரை இதே தேதி, இதே நேரம்" என்று ஒரு வரி சேருங்கள்.

வலங்கைமான் அப்பா
அதை எழுதினாலே பாதிப் பேர் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள் டீச்சர். நான் எழுத மாட்டேன்.

நாகை அக்கா
எழுதாவிட்டால் தண்ணீரில் இறங்கி வருகிற பிள்ளைக்கு யார் பொறுப்பு அண்ணா? 11-ஆம் தேதி காலையில் இன்னொரு முறை அவரிடம் கேளுங்கள் தங்கச்சி, அன்றே குழுவில் போடுங்கள்.