பொங்கல் முன்பதிவு: திருச்சியில் ஏறினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது?

அனைவருக்கும் வணக்கம். ரயிலில் பயண நாளை விட்டுவிட்டு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்கு முன்பதிவு தொடங்குகிறது. 2026 ஜனவரி 13 இரவு சென்னையில் புறப்படும் ரயிலில், நள்ளிரவு கடந்து, அதாவது 14ஆம் தேதி, திருச்சியில் அம்மாவுடன் ஏற வேண்டும். ஜனவரியில் 13, டிசம்பரில் 31, மீதி 16 நாட்களை நவம்பர் 30இலிருந்து கழித்தால் நவம்பர் 14 வருகிறது. ரயில் கிளம்பும் நாளே கணக்கு என்பதால் இதுவே சரியென நினைக்கிறேன். சென்ற ஆண்டு ஏறும் நாளிலிருந்து எண்ணி, ஒரு நாள் தாமதமாகி, காத்திருப்புப் பட்டியலே கிடைத்தது. இப்படி இடைநிலையத்தில் ஏறியவர்கள், என் கணக்கைச் சரிபார்த்து, நவம்பர் 14 காலை தேடும்போது பயணத் தேதியாக 13ஐயா 14ஐயா இட வேண்டும் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.