டெஸ்டிமோனியோவுக்கு 'வாக்குமூலம்' சரிவருமா?

இளங்கோ: தலித் தன்வரலாறுகள் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்க்கிறேன். பாமாவின் 'கருக்கு' (1992) பற்றிய பகுதியில் டெஸ்டிமோனியோ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஒடுக்கப்பட்ட ஒருவர் தானும் தன் மக்களும் பட்டதைத் தன் குரலிலேயே சொல்லும் எழுத்துக்கு லத்தீன் அமெரிக்காவில் வைத்த பெயர் அது. இப்போதைக்கு 'வாக்குமூலம்' என்று போட்டிருக்கிறேன், பொருந்துமா?

கலைவாணி: வேண்டாம். வாக்குமூலம் என்றதும் குற்றம் சாட்டப்பட்டவர் ஞாபகம்தான் வரும். 'சாட்சியம்' என்று வையுங்கள், ஏனென்றால் இங்கே பேசுகிறவர் தனக்கும் தன் தெருவுக்கும் நடந்ததற்குச் சாட்சி. பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுக்கும் இடத்தைப் பாருங்கள். சிறுமி அதை வேடிக்கையாக நினைத்து வீட்டில் வந்து சொல்கிறாள், அண்ணன் காரணத்தைச் சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு போய்விடுகிறது. நாவலாக இருந்தால் அந்தப் பெரியவர் பின்னால் எங்கேயாவது கதையைத் திருப்ப வந்திருப்பார். இதில் அவர் வேலை அதோடு முடிந்தது, நடந்தது பதிவாகிவிட்டது. சுடுகாட்டுத் தகராறில் போலீஸ் ஊருக்குள் வரும் பகுதியிலும் ஒரு கதாநாயகியைத் தேடினால் கிடைக்க மாட்டாள், தெருவே மொத்தமாகத்தான் அங்கே இருக்கிறது.

ரவி: அப்போ நாவல் கற்பனை, இது நடந்தது, அவ்வளவுதானே? 'உண்மைக்கதை' போதாதா?

கலைவாணி: பாதி சரி. ஆனால் 'கருக்கு'ம் வடிவமைக்கப்பட்ட எழுத்துதான் ரவி. அதில் காலவரிசை இல்லை, ஒரே இளம்பருவத்துக்கு வேறு வேறு கோணத்தில் திரும்பத் திரும்ப வருகிறார். பெரிய வித்தியாசம் யார் பொறுப்பேற்கிறார் என்பதில் இருக்கிறது. நாவலாசிரியர் 'பாத்திரங்கள் கற்பனையே' என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளலாம். பாமாவுக்கு அந்த வழி இல்லை, புத்தகம் வந்தபின் சொந்த ஊருக்குள்ளேயே ஏழு மாதம் அவரால் போக முடியவில்லை.

ஸ்டீபன்: எங்கள் சபையில் 'சாட்சி சொல்வது' என்றால் ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது. என் அத்தை பண்ணையில் பட்டதை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், சொன்னது அத்தை, எழுதியது நான். அதையும் சாட்சியம் என்பீர்களா?

கலைவாணி: ஸ்டீபன், லத்தீன் அமெரிக்கப் பொருளில் உங்கள் நோட்டுதான் அசல் டெஸ்டிமோனியோவுக்கு நெருக்கம்! குவாத்தமாலாவின் ரிகோபெர்தா மெஞ்சு வாயால் சொன்னதை எலிசபெத் புர்கோஸ் ஒலிப்பதிவு செய்து தொகுத்தார், 1983இல் புத்தகமாக வந்தது. பாமா தானே எழுதினார், அதுவும் தன் மக்களின் பேச்சுத் தமிழில். நடுவில் தொகுப்பாளர் என்று யாரும் இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

ரவி: அப்போ பாமாவுக்குத் 'தன்சாட்சியம்', மெஞ்சுவுக்குச் 'சாட்சியம்'?

இளங்கோ: 'தன்' போட்டால் தெரு போய்விடுமே என்று யோசிக்கிறேன். கட்டுரையில் இப்போதைக்குச் 'சாட்சியம்' என்றே வைக்கிறேன். ஸ்டீபன், அத்தை சொன்னதில் 'நான்' அதிகமா 'நாங்க' அதிகமா, பார்த்துச் சொல்ல முடியுமா?