‘மார்க்கெட் ரீப்ளே’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

தேன்மொழி:

அனைவருக்கும் வணக்கம். பங்குச் சந்தையில் தானாக வாங்கி விற்கும் நிரல் ஒன்றின் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு அத்தியாயத்தின் தலைப்பிலேயே சிக்கிக்கொண்டேன். சந்தை நடக்கும்போது வந்த ஒவ்வொரு டிக்கையும், அதாவது ஒவ்வொரு விலைத் தகவலையும், கோப்பில் பதிந்து வைக்கிறோம். பிறகு ஒருநாள் அந்தக் கோப்பைத் திறந்து, இப்போதுதான் வருவதுபோல ஒவ்வொன்றாக நிரலுக்கு ஊட்டுகிறோம். நிரலுக்கு வித்தியாசம் தெரியக்கூடாது. இதைத்தான் எல்லோரும் ‘ரீப்ளே’ என்கிறார்கள். ‘மறு ஒளிபரப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், தொலைக்காட்சித் தொடர்தான் நினைவுக்கு வருகிறது. நல்ல சொல் ஒன்று வேண்டும்.

செல்வா:

அக்கா, இதற்குப் புதுச் சொல்லே தேவையில்லை. பேக்டெஸ்டைத் தமிழில் ‘பின்னோக்குச் சோதனை’ என்று ஏற்கெனவே எழுதுகிறோம். பழைய விலையை வைத்து நிரலைச் சோதிப்பதுதானே இரண்டும்? ஒன்றில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு விலைத் தொகுப்பு, மற்றதில் டிக். தரவின் அளவுதான் வேறு. ‘டிக் அளவிலான பின்னோக்குச் சோதனை’ என்று போட்டால் முடிந்தது.

முருகேசன்:

வணக்கம். ஓய்வு பெற்ற பிறகு நானும் இதைத்தான் தினமும் செய்கிறேன். பழைய நாளின் சார்ட்டைத் திறந்து, வலப்பக்கத்தை மறைத்து, விலையைக் காட்டும் மெழுகுவத்திகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, எங்கே வாங்கியிருப்பேன் என்று நோட்டில் எழுதுவேன். கை நன்றாகப் பழகுகிறது. இதற்குப் ‘பயிற்சி’ என்ற சொல்லே போதுமே?

தேன்மொழி:

முருகேசன் ஐயா, நீங்கள் சொல்வது மனிதர் பழகுவது. நான் கேட்பது நிரலைச் சோதிப்பது. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் நோக்கம் வேறு. செல்வா, நீ சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது, ஆனால் எங்கோ இடிக்கிறது. இராகவன் அண்ணா, நீங்கள் இந்த வேலையிலேயே இருப்பவர். சொல்லுங்களேன்.

இராகவன்:

செல்வா சொன்னதில் பாதி சரி. இரண்டிலும் பழைய தரவுதான். ஆனால் பேக்டெஸ்டில் நாள் முழுவதும் நம் கையில் அட்டவணையாக இருக்கிறது, நிரல் அதன்மேல் கணக்குப் போடுகிறது. ரீப்ளேயில் நிரலின் கையில் எதுவுமே இல்லை. வந்தது மட்டும்தான் தெரியும், வந்த பிறகுதான் தெரியும். இந்த வேறுபாட்டை ஒரு நிகழ்வைக் கொண்டு காட்டுகிறேன்.

எங்களிடம் எளிய நிரல் ஒன்று இருந்தது. தேசியப் பங்குச் சந்தை காலை 9:15க்குத் திறக்கிறது. முதல் 15 நிமிடத்தில் நிஃப்டி ஃபியூச்சர் தொட்ட உச்ச விலையைக் குறித்துக்கொள்ளும். 9:30க்குப் பிறகு விலை அந்த உச்சத்தைத் தாண்டினால் வாங்கும். அன்று 9:30 வரை நிரல் கண்ட உச்சம் 24508. 9:30ஐ ஒட்டிப் பதிவுக் கோப்பில் இருந்த மூன்று வரிகள்:

```
recv_time,exch_time,ltp
09:29:59.640,09:29:59.590,24506.00
09:30:00.047,09:29:59.812,24510.00
09:30:00.390,09:30:00.335,24509.00
```

முதல் நெடுவரிசையில் இருப்பது டிக் எங்கள் கணினிக்கு வந்த நேரம். இரண்டாவது, சந்தையில் அந்த வர்த்தகம் நடந்த நேரம். மூன்றாவது, அதன் விலை. மற்ற டிக்குகள் 50, 55 மில்லிநொடியில் வந்துவிட, நடு டிக் மட்டும் 235 மில்லிநொடி தாமதம். நிரலின் டைமர் சரியாக 9:30:00.000க்கு அடித்து, உச்சம் 24508 என்று பூட்டிவிட்டது. 47 மில்லிநொடி கழித்து 24510 வந்தது. தாண்டிவிட்டது என்று நிரல் வாங்கிவிட்டது.

மாலையில் அதே கோப்பை ரீப்ளே செய்தோம். நிரல் வாங்கவே இல்லை. கோப்பு அதே, நிரல் அதே, முடிவு வேறு. ஒருநாள் முழுக்கத் தேடிய பிறகுதான் பிடிபட்டது. ரீப்ளே எழுதியவர் ‘ஒழுங்காக இருக்கட்டும்’ என்று வரிகளை `exch_time` வரிசையில் அடுக்கி, நிரலின் கடிகாரத்தையும் அதன்படியே ஓட்டியிருந்தார். அப்போது 24510 என்பது 9:30க்கு முன்னதாகவே வந்துவிடுகிறது, உச்சம் 24510 ஆகிவிடுகிறது. அடுத்து வரும் 24509 அதைத் தாண்டவில்லை. சந்தையின் வரலாறாக அது சரிதான். ஆனால் அன்று காலை எங்கள் நிரல் கண்டது அதை அல்ல.

ஆகவே விலையை மட்டும் திரும்பக் கொடுத்தால் போதாது. எந்த வரிசையில், எந்த இடைவெளியில் வந்ததோ அப்படியே வரவேண்டும். டைமரும் அந்தக் கடிகாரத்துக்கே அடிக்கவேண்டும். திருத்திய பிறகு மையச் சுழற்சி இவ்வளவுதான்:

```python
for t in ticks:                     # recv_time வரிசை
    clock.advance_to(t.recv_time)   # இடையில் உள்ள டைமர்கள் இங்கே அடிக்கும்
    strategy.on_tick(t)
```

சொல்லில் ‘வருதல்’ இருக்கவேண்டும் என்பது என் கருத்து. ‘பின்னோக்கு’ என்பதில் அது இல்லை. நிரல் பின்னோக்கிப் பார்ப்பதேயில்லை.

பாத்திமா:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் ‘மீட்டல்’ என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. பரீட்சைக்கு முன் பாடத்தைத் திரும்பப் படிப்பதை அப்படித்தான் சொல்லுவோம். ‘தரவு மீட்டல்’ என்று வைக்கலாமா?

இராகவன் அண்ணா சொன்ன கடிகார விஷயம் எனக்கும் நடந்தது. என் நிரலில் பிற்பகல் 3:15 ஆனால் கையில் உள்ளதை எல்லாம் விற்றுவிடு என்று ஒரு வரி இருக்கிறது. வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத்தான் ரீப்ளே ஓட்டுவேன். காலை 9:31க்கு வாங்கியதை அடுத்த டிக்கிலேயே விற்றுவிடும். வாங்கும், விற்கும், வாங்கும், விற்கும். உத்திதான் பிழை என்று இரண்டு கிழமை அதை மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அந்த வரி `datetime.now()` என்று கேட்கிறது. கோப்பில் காலை, என் மேசையில் இரவு. நேரத்தை எங்கும் ரீப்ளேயின் கடிகாரத்திடமே கேட்கும்படி மாற்றிய பிறகுதான் சரிவந்தது.

தேன்மொழி:

பாத்திமா, ‘மீட்டல்’ அழகான சொல். ஆனால் இங்கே ‘தரவு மீட்பு’ என்றால் அழிந்துபோன கோப்பைத் திரும்பப் பெறுவது. ‘தரவு மீட்டல்’ அதன் பக்கத்திலேயே நிற்கும், குழம்பிவிடுவார்கள்.

செல்வா:

சரி, என் சொல்லை விட்டுவிடுகிறேன். ‘மறுஓட்டம்’ எப்படி? இல்லையென்றால் ‘வெள்ளோட்டம்’. தேருக்கும் கப்பலுக்கும் சொல்வதுதான்.

இராகவன்:

வெள்ளோட்டத்தில் தேர் உண்மையான வீதியில் ஓடுகிறது. குறைந்த பணத்தைப் போட்டு நேரடிச் சந்தையில் முதன்முதலாக ஓட்டுவதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். ‘மறுஓட்டம்’ என்றால் நிரலை இன்னொரு முறை ஓட்டுவது. இங்கே மறுபடி வருவது தரவு.

முருகேசன்:

நான் முதலில் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். இராகவன் தம்பி ‘வருதல்’ என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. முப்பது வருடம் தானிய மண்டியில் கணக்கு எழுதியவன் நான். எங்களிடம் வரத்து நோட்டு என்று ஒன்று இருந்தது. லாரி ஊரிலிருந்து எப்போது கிளம்பியது என்பதை அதில் எழுதமாட்டோம். வாசலுக்குள் எப்போது நுழைந்தது என்பதுதான் கணக்கு, ஏனென்றால் ஏலத்துக்கு அந்தச் சரக்குதான் நிற்கும். முதலில் கிளம்பிய லாரி வழியில் டயர் வெடித்துக் கடைசியாக வரும். அதற்குள் விலை முடிந்திருக்கும். உங்கள் 24510 அப்படி வந்த லாரிதானே?

இராகவன்:

ஐயா, அதேதான்! மேட்டூர் அணைக்கு நீர்வரத்து, கோயம்பேட்டுக்குக் காய்கறி வரத்து என்று தினமும் செய்தியில் படிக்கிறோம். தரவு ஃபீடுக்குத் ‘தரவு வரத்து’ என்பது இயல்பாகவே பொருந்துகிறது. அப்படியானால் ரீப்ளே ‘மீள்வரத்து’. அதை வைத்துச் சோதிப்பது ‘மீள்வரத்துச் சோதனை’. கோப்பின் முதல் இரண்டு நெடுவரிசைகளுக்கும் ‘வந்த நேரம்’, ‘நடந்த நேரம்’ என்றே தலைப்பு வைக்கலாம்.

முருகேசன்:

சொல் நன்றாக இருக்கிறது. ஒரு சந்தேகம் மட்டும். மண்டிக்காரர் காதில் ‘மீள்வரத்து’ என்றால் விற்ற மூட்டை திரும்பி வந்ததுபோலக் கேட்கும்.

செல்வா:

தனியாக எழுதினால் அப்படித் தோன்றலாம். ‘தரவு மீள்வரத்து’ என்று சேர்த்து எழுதினால் தோன்றாது என்று நினைக்கிறேன். எனக்கு இருக்கும் கேள்வி வேறு. ‘சோதனை’ என்று சேர்ப்பது சரியா? மீள்வரத்தில் லாபம் காட்டிய நிரல் நேரடியிலும் காட்டும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வாரே.

இராகவன்:

நல்ல கேள்வி. மீள்வரத்தில் வரவே வராத ஒன்று இருக்கிறது. அது நம் ஆர்டர். அன்று நாம் போடாத ஆர்டர் பதிவில் இருக்காது. 24505க்கு வாங்க ஆர்டர் போட்டதாக வைத்துக்கொள்வோம். பதிவில் அந்த விலையில் வர்த்தகம் நடந்திருக்கிறது, ஆகவே நமக்குக் கிடைத்தது என்று பல ரீப்ளேக்கள் எழுதிவிடுகின்றன. சந்தையிலோ ஒரே விலையில் முதலில் நின்றவருக்கே முதலில் கிடைக்கும். நமக்கு முன்னால் வரிசையில் 1,200 நின்று, அதன்பின் அந்த விலையில் 300 மட்டுமே கைமாறி, விலை மேலே போயிருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. வேதனை என்னவென்றால் இப்படித் தவறிப்போவது பெரும்பாலும் லாபம் தந்திருக்கக்கூடிய ஆர்டர்தான். விலை கீழே இறங்கும்போது மட்டும் தவறாமல் கிடைக்கும்.

அதனால் நான் கடுமையாகவே வைத்திருக்கிறேன். விலை 24505க்குக் கீழே போனால்தான் ஆர்டர் கிடைத்ததாகக் கணக்கு. இதனால் உண்மையில் கிடைத்திருக்கக்கூடிய சிலவும் விட்டுப்போகும், தெரிந்தேதான் விடுகிறேன். நிரல் சரியாக நடந்துகொள்கிறதா என்பதற்கு மீள்வரத்தை முழுமையாக நம்புவேன். எவ்வளவு சம்பாதிக்கும் என்பதற்கு நம்பமாட்டேன். அந்த வகையில் ‘ஒத்திகை’ இன்னும் நேர்மையான சொல்லோ என்று தோன்றுகிறது. ‘மீள்வரத்து ஒத்திகை’.

தேன்மொழி:

‘மீள்வரத்து’ என்பதை எடுத்துக்கொள்கிறேன். பின்னொட்டு சோதனையா, ஒத்திகையா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. நாம் நிரலில் பிழை தேடுகிறோம் என்பதால் இப்போதைக்குச் ‘சோதனை’ என்றே எழுதுகிறேன். ஆர்டர் பற்றி அண்ணா சொன்னதை அத்தியாயத்தின் முதல் பத்தியிலேயே வைத்துவிடுகிறேன். ஆறேகால் மணி நேரச் சந்தையை ஆறே நிமிடத்தில் ஓட்டுகிறோமே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். ‘விரை மீள்வரத்து’ என்பது வாயில் நுழையவில்லை.

பாத்திமா:

ஒரு சின்ன உதவி வேண்டும். இந்த உரையாடலைப் படித்ததும் என் பழைய பதிவுகளைத் திறந்து வந்த நேரத்திலிருந்து நடந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். ஒரு நாளில் மட்டும் மதியத்துக்குப் பிறகு எல்லா வரியிலும் விடை எதிர்மறை. நடப்பதற்கு முன்பே வந்திருக்கிறது!

இராகவன்:

தங்கச்சி, உங்கள் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. `chronyc tracking` ஓட்டி, இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்று பாருங்கள். அந்த நாளின் பதிவில் வரிகளின் வரிசையை நம்பலாம், ஏனென்றால் கோப்பில் வந்தபடியேதான் எழுதப்பட்டிருக்கும். 9:30, 3:15 போல நேரத்தை வைத்து முடிவெடுக்கும் நிரலை மட்டும் அந்தக் கோப்பில் ஓட்டாதீர்கள்.