விலை ஏறியதால் தேவை குறைந்தது: கோடே நகர்ந்ததா, கோட்டின் மேல் நகர்ந்ததா?

பள்ளி ஆசிரியை:
பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகளை அதிகம் கவிழ்க்கிற கேள்வி இது. "மழையால் வெங்காய விளைச்சல் பாதித்தது, விலை ஏறியது. விலை ஏறியதால் தேவை குறைந்தது. தேவை குறைந்ததால் விலை பழைய நிலைக்கே இறங்கிவிடும். சரியா, தவறா?" ஒவ்வொரு வரியும் சரி மாதிரியே ஒலிக்கும். நன்றாகப் படிக்கிற ஒரு பெண், எந்த விலைக்கு எவ்வளவு விற்க வரும் என்று காட்டும் அளிப்புக் கோட்டைப் படத்தில் இடப்பக்கம் தள்ளினாள், அப்புறம் எந்த விலைக்கு எவ்வளவு வாங்குவார்கள் என்று காட்டும் தேவைக் கோட்டையும் இடப்பக்கம் தள்ளினாள், விலை மாறவே இல்லை என்று முடித்துவிட்டாள். உங்களுக்கு வந்த இந்த மாதிரிக் கேள்விகளையும் சொல்லுங்கள்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்:
எங்கள் பயிற்சி மையத்தில் சொன்ன வழி எளிது. கேள்வியில் விலை என்று வந்தால் கோட்டின் மேலேயே நகர்வு, வேறு எது வந்தாலும் கோடே நகரும். ஆனால் மாதிரித் தேர்வில் "காபித்தூள் விலை ஏறியது, தேயிலையின் தேவைக் கோடு என்ன ஆகும்?" என்று கேட்டார்கள். விலைதானே என்று கோட்டின் மேல் நகர்வு என்று போட்டேன், மதிப்பெண் இல்லை. விடைக்குறிப்புதான் தவறு என்று இன்னமும் நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பேராசிரியர்:
விடைக்குறிப்பு சரிதான், தம்பி. எந்தப் பொருளின் விலை என்று பாருங்கள். தேயிலைப் படத்தின் நெடுக்கு அச்சில் இருப்பது தேயிலையின் இன்றைய விலை மட்டுமே. காபியின் விலையும், அடுத்த மாதம் தேயிலை விலை ஏறும் என்ற எதிர்பார்ப்பும் அந்த அச்சில் இல்லை. அவை மாறினால் கோடே நகரும்.

ஆசிரியையின் கேள்வியைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். P என்பது கிலோ விலை, அளவு டன்னில்.

```
தேவை:                   Qd = 100 - 2P
அளிப்பு:                Qs = 10 + P
மழைக்குப் பின் அளிப்பு: Qs = P - 5
```

மழைக்கு முன் விலை 30, அளவு 40. மழைக்குப் பின்னும் விலை 30-லேயே நின்றால் வாங்க 40 டன்னுக்கு ஆள் இருக்கும், விற்க 25 டன்தான் வரும். அந்த 15 டன் பற்றாக்குறைதான் விலையை ஏற்றுகிறது. விலை 35-க்கு வரும்போது வாங்குவோர் 40-லிருந்து 30-க்கு இறங்குகிறார்கள், விற்போர் புதிய கோட்டின் மேல் 25-லிருந்து 30-க்கு ஏறுகிறார்கள். அங்கே சந்தை நின்றுவிடுகிறது.

வாங்குவது 10 டன் குறைந்தது 35 என்ற விலைக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. அதை வைத்துத் தேவைக் கோட்டையும் தள்ளினால் ஒரே குறைவை இரண்டு முறை எண்ணுகிறோம். அந்தப் பெண் செய்தது அதுதான். "பழைய விலையிலேயே இருந்தாலும் முன்பைவிடக் குறைவாக வாங்குவார்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். 30 ரூபாய்க்குக் கிடைத்தால் இன்றும் 40 டன் வாங்குவார்கள். அப்படியானால் தேவைக் கோடு அசையவே இல்லை.

காய்கறிக் கடைக்காரர்:
ஐயா, எங்கள் கடையில் கதை வேறு. தீபாவளிக்கு முந்தின வாரம் வெங்காயம் விலையும் ஏறும், விற்பனையும் கூடும். விலை ஏறினால் சனங்கள் பயந்து கூட வாங்குகிறார்கள். உங்கள் கோடு மேல் நோக்கித்தானே போக வேண்டும்?

ஓய்வு பெற்ற பேராசிரியர்:
நீங்கள் பார்த்தது உண்மை, காரணம் வேறு. பண்டிகைச் சமையலுக்காக எந்த விலையிலும் முன்பைவிடக் கூட வாங்கத் தயாராக வருகிறார்கள், அதனால் தேவைக் கோடு வலப்பக்கம் போகிறது. "இன்னும் ஏறும்" என்று பயந்து வாங்குவதும் அதே திசையில்தான் தள்ளும். மண்டியிலிருந்து கூடுதல் மூட்டைகள் வருவது அளிப்புக் கோட்டின் மேல் நகர்வு. விலையும் விற்பனையும் சேர்ந்தே ஏறினால், தேவைக் கோடு வலப்பக்கம் போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். விலை ஏறி விற்பனை இறங்கினால் அளிப்புக் கோடு இடப்பக்கம் போயிருக்கும்.

காய்கறிக் கடைக்காரர்:
பண்டிகை சரி. ஆனால் பயந்து வாங்குவது விலை ஏறியதைப் பார்த்துத்தானே தொடங்குகிறது? அதை எப்படித் தனியாகப் பிரிப்பீர்கள்?

ஓய்வு பெற்ற பேராசிரியர்:
அதைப் படத்தில் பிரித்துவிடலாம், உங்கள் கல்லாவில் பிரிப்பது கஷ்டம். நல்ல கேள்வி.

கல்லூரி மாணவி:
எங்கள் தேர்வில் 2023 டிசம்பரில் வந்த வெங்காய ஏற்றுமதித் தடையைக் கேட்டார்கள். உள்நாடும் வெளிநாடும் சேர்ந்த ஒரே சந்தையாகப் பார்த்தால் வெளிநாட்டு வாங்குவோர் போனதால் தேவைக் கோடு இடப்பக்கம் போகிறது. விலையும் இறங்கும், இரண்டும் சேர்ந்த விற்பனையும் இறங்கும். உள்நாட்டுச் சந்தையை மட்டும் பார்த்தால் வெளியே போயிருக்க வேண்டிய சரக்கு இங்கேயே நிற்கிறது, அளிப்புக் கோடு வலப்பக்கம் போகிறது. விலை இறங்கும், உள்நாட்டு விற்பனை ஏறும். எந்தச் சந்தை என்று கேள்வி சொல்லவே இல்லை. நான் முதலாவதை எழுதினேன், தோழி இரண்டாவதை எழுதினாள். அவளுக்கு மட்டும் முழு மதிப்பெண்.

பள்ளி ஆசிரியை:
எந்தச் சந்தை என்று முதல் வரியில் எழுதியிருந்தால் இரண்டுக்கும் நான் மதிப்பெண் போடுவேன். எழுதாமல் விட்டிருந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. மற்றவர்கள் எப்படித் திருத்துகிறீர்கள்?