புது போனில் பழைய கார் வரவில்லை: வாங்கியவற்றை மீட்டெடுத்த அனுபவங்கள்

வைகைக்கரை

மகள் விளையாடும் கார் பந்தய விளையாட்டுக்காக அவ்வப்போது பணம் கட்டியிருக்கிறோம். விளம்பர நீக்கம், ஒரு நீலக் கார், காரும் 5,000 காயினும் சேர்ந்த ஒரு ‘ஸ்டார்ட்டர் பேக்’, இடையிடையே காயின் மூட்டைகள். எல்லாமே கணவரின் கூகுள் கணக்கில் வாங்கியவை. பழைய போனின் திரை போய்விட்டது. புது போனில் என் கணக்கைப் போட்டு விளையாட்டை இறக்கிக் கொடுத்துவிட்டோம். ஒரு வாரமாக விளையாடுகிறாள், விளம்பரமாக வந்து கொட்டுகிறது. பிறகு கணவரின் கணக்கையும் அதே போனில் சேர்த்தோம். விளையாட்டின் அமைப்புகளில் Restore Purchases என்பதை அழுத்தினால் மீட்க எதுவும் இல்லை என்கிறது. ரசீதுகளோ அவர் மின்னஞ்சலில் பத்திரமாக இருக்கின்றன. இதே அனுபவம் யாருக்காவது உண்டா?

ஜன்னலோர இருக்கை

எனக்கும் இப்படித்தான் ஆனது. போனின் அமைப்புகளுக்குப் போய் ப்ளே ஸ்டோரின் தற்காலிகச் சேமிப்பை அழித்துவிட்டு, போனை அணைத்துப் போட்டேன். எல்லாம் வந்துவிட்டது. செய்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

வைகைக்கரை

செய்தேன். வரவில்லை.

மாமரத்து நிழல்

மிட்டாய் அடுக்கும் விளையாட்டு ஒன்றில் நான் நானூறு படிகளுக்கு மேல் தாண்டியிருந்தேன். போன் மாற்றியதும் முதல் படியில் கொண்டுபோய் நிறுத்தியது. பேரன் வந்து, முன்பு நுழைந்த அதே ஃபேஸ்புக் கணக்கால் நுழைய வைத்தான். விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தேன். அம்மா, நீங்களும் பழைய கணக்கால் உள்ளே நுழைந்து பாருங்கள்.

கோவைக் குறிப்பு

ஐயா சொல்வது விளையாட்டின் முன்னேற்றம். அதை விளையாட்டு நிறுவனத்தின் சர்வர் வைத்திருக்கும். வைகைக்கரை கேட்பது கடையில் காசு கொடுத்து வாங்கிய பொருள். அதன் பதிவு ப்ளே ஸ்டோரில் இருக்கும். இரண்டும் ஒரே கணக்கின் கீழ் இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

சிறிய விளையாட்டுகள் செய்து வெளியிடுபவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு போனில் இரண்டு கூகுள் கணக்குகள் இருந்தால், விளையாட்டை எந்தக் கணக்கு இறக்கியதோ அந்தக் கணக்கின் வாங்கிய பட்டியலைத்தான் ப்ளே ஸ்டோர் விளையாட்டுக்குக் காட்டும். கணவரின் கணக்கை இப்போது சேர்த்ததால் மட்டும் எதுவும் மாறாது. விளையாட்டை இறக்கியது உங்கள் கணக்கு. அதில் எதுவும் வாங்கப்படவில்லை. ஆகவே ‘எதுவும் இல்லை’ என்ற பதில் சரியான பதில்தான்.

சோதிக்க ஒரு வழி உண்டு. விளையாட்டுக்குள் போய் விளம்பர நீக்கத்தை மறுபடி வாங்குவதுபோல் அழுத்துங்கள். பணம் கட்டும் பலகையில் ஒரு மின்னஞ்சல் முகவரி தெரியும். அது உங்களுடையதாக இருந்து விலையும் காட்டினால் கணக்குதான் காரணம். பணம் கட்டாமல் வெளியே வந்துவிடுங்கள். இதற்கு மாறாக You already own this item என்று வந்தால் கணக்கு சரி, பட்டியல்தான் புதுப்பிக்கப்படவில்லை. ஜன்னலோர இருக்கை சொன்ன வைத்தியம் பலிப்பது அந்த இடத்தில்தான்.

வைகைக்கரை

என் முகவரிதான் தெரிகிறது. விலையும் காட்டுகிறது. அப்படியென்றால் நீக்கிவிட்டு மறுபடி இறக்க வேண்டுமா?

கோவைக் குறிப்பு

ஆமாம், ஆனால் உடனே நீக்கிவிடாதீர்கள். மகள் ஒரு வாரம் விளையாடியது விருந்தினராக என்றால், நீக்கியவுடன் அது போய்விடக்கூடும். முதலில் விளையாட்டின் அமைப்புகளில் இருக்கும் பிளேயர் ஐடியைக் குறித்துக்கொள்ளுங்கள், முன்னேற்றத்தை ஏதாவது ஒரு கணக்கோடு இணையுங்கள். அது உங்கள் கணக்காகவே இருக்கலாம், பரவாயில்லை.

பிறகு விளையாட்டை நீக்குங்கள். ப்ளே ஸ்டோரில் மேலே வலப்பக்கம் இருக்கும் படத்தைத் தொட்டு, கணவரின் கணக்குக்கு மாறுங்கள். அந்தக் கணக்கிலேயே விளையாட்டைத் தேடி இறக்குங்கள். உள்ளே போய் Restore Purchases. அவ்வளவுதான்.

கடல் கடந்தவன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறினேன். அதே விளையாட்டு, அதே நிறுவனம். ஆனாலும் Restore Purchases அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. எந்தக் கணக்கால் இறக்க வேண்டும்?

கோவைக் குறிப்பு

உங்கள் விஷயத்தில் எந்தக் கணக்கால் இறக்கினாலும் வராது. கூகுள் கடையில் வாங்கியது ஆப்பிள் கடைக்குத் தெரியாது. நிறுவனம் தன் சொந்தக் கணக்கில் பொருளை எழுதி வைத்திருந்தால் மட்டும், அதே கணக்கால் நுழையும்போது வரும். அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாம் ஷிப்ட்

ஐபோன் பேச்சு வந்ததால் என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இரண்டு ஆப்பிள் கணக்குகள். ஒன்றில் வாங்கியதை இன்னொன்றுக்கு மாற்றும் வசதியை ஆப்பிள் 2025இல் கொண்டுவந்ததாகப் படித்து, சென்னையில் உட்கார்ந்து அமைப்புகள் முழுவதும் துழாவினேன். கிடைக்கவில்லை. பிறகுதான் சிறிய எழுத்தைப் படித்தேன்: இந்தியா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம் தவிர்த்தாம். நமக்கு வாய்த்தது அவ்வளவுதான். பழைய கணக்கை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

வைகைக்கரை

செய்து முடித்தேன். கணவரின் கணக்கால் இறக்கி, மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்தியதும் விளம்பரம் நின்றது, நீலக் கார் வந்து நின்றது. மகளின் ஒரு வார முன்னேற்றமும் அப்படியே இருக்கிறது. ஆனால் காயின் ஒன்றுகூட வரவில்லை. ஸ்டார்ட்டர் பேக்கும் வரவில்லை, அதில் இருந்த காரும் இல்லை. காயின் செலவாகிவிட்டது, சரி. காருமா செலவாகும்?

ஜன்னலோர இருக்கை

காயினுக்கும் காசு கொடுத்திருக்கிறீர்களே! கூகுளிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

கோவைக் குறிப்பு

முதல் 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுளிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்கலாம். இது பழைய கதை. அதன் பிறகு விளையாட்டு நிறுவனத்திடம்தான் போக வேண்டியிருக்கும்.

ஸ்டார்ட்டர் பேக் ஏன் வரவில்லை என்றால், என் ஊகம் இது. பொருளைக் கடையில் வைக்கும் முறை இரண்டு. விளம்பர நீக்கம் போன்றவை ஒருமுறை வாங்கினால் கணக்கிலேயே நிலைத்திருக்கும். காயின் மறுபடி மறுபடி வாங்க வேண்டியது. ஆகவே கையில் கொடுத்தவுடன் ‘பயன்படுத்தப்பட்டது’ என்று விளையாட்டு ப்ளே ஸ்டோரிடம் சொல்லிவிடும், உடைமைப் பட்டியலிலிருந்து அது போய்விடும். உள்ளே காயின் இருப்பதால் பேக் முழுவதையும் இந்த இரண்டாவது வகையில் வைத்திருப்பார்கள். கார் தனியாக இருந்தால் தப்பித்திருக்கும், காயினோடு சேர்ந்ததால் கெட்டது. நானாக இருந்தால் காரைத் தனிப் பொருளாக வைத்திருப்பேன், ஆனால் எல்லோரும் அவ்வளவு யோசிப்பதில்லை.

நிறுவனத்துக்கு எழுதுங்கள். பழைய பிளேயர் ஐடி இருந்தால் அதுவும், புதியதும், ரசீதில் GPA. என்று தொடங்கும் ஆர்டர் எண்ணும் கொடுங்கள். ரசீது கிடைக்காவிட்டால் அவர் கணக்கில் ப்ளே ஸ்டோரைத் திறந்து Payments & subscriptions, அதற்குள் Budget & history பாருங்கள். அந்த எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள், வேறு யாராவது தங்களுடையது என்று கேட்டு வாங்கிவிடுவார்கள்.

வைகைக்கரை

எழுதிவிட்டேன். பழைய பிளேயர் ஐடி வேண்டும் என்கிறார்கள். அது உடைந்த போனுக்குள் இருக்கிறது. மகள் எப்போதோ ஒரு வெற்றிப் பலகையைப் படம் பிடித்துத் தோழிக்கு அனுப்பியதாகச் சொல்கிறாள், அதன் ஓரத்தில் அந்த எண் தெரியுமா என்று பார்க்க வேண்டும்.

மாமரத்து நிழல்

ஃபேஸ்புக்கில் நுழைந்து பார்த்தீர்களா அம்மா?